சுவரில் ஈரம்: ஓனருக்கு எப்படி எழுதுவது?

குளியலறைச் சுவருக்குள் பதித்த குழாய் கசிகிறது. மறுபக்கம் படுக்கையறையில் பெயின்ட் உப்பி உதிர்கிறது; ஈரம் சுவிட்ச் போர்டு வரை வந்துவிட்டது. ஓனரிடம் சொல்லும்போதெல்லாம் "ஆள் அனுப்புறேன்" என்கிறார், ஆள் வரவில்லை. இனி மின்னஞ்சல்தான் எழுத வேண்டும்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். குளியலறைக்கு வரும் தண்ணீரை வால்வில் ஒரு நாள் முழுக்க அடைத்து வையுங்கள். ஈரம் குறையத் தொடங்கினால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் கழிவுநீர்க் குழாயையோ டைல்ஸ் இடுக்கையோ சந்தேகிக்கலாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், பழுதுபார்க்கும் பொறுப்பை இருவருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. குழாய் மாற்றுவது உரிமையாளர் வேலை. டேப் வாஷர் மாற்றுவதும் அடைப்பு எடுப்பதும் குடியிருப்பவர் வேலை. அதனால் கோளாறு எதில் என்று சொல்லும் கடிதத்தைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"பொருள்: குளியலறைக் குழாய்க் கசிவு – அவசரம்

ஐயா, வணக்கம். குளியலறைச் சுவருக்குள் குழாய் கசிவதை நவம்பர் 3 அன்று போனில் சொன்னேன். 11ஆம் தேதி வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினேன். ஆள் அனுப்புவதாகப் பதில் தந்தீர்கள். 19ஆம் தேதி மீண்டும் நினைவூட்டினேன், பதில் இல்லை. இப்போது சுவிட்ச் போர்டு அருகே ஈரம் இருப்பதால் அந்த லைனை அணைத்து வைத்திருக்கிறோம். 27ஆம் தேதி வியாழக்கிழமைக்குள் பிளம்பரை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். காலை 9 மணிக்கு மேல் வீட்டில் இருப்போம்."

"பலமுறை சொன்னேன்" என்று எழுதினால் "எப்போது சொன்னீர்கள்?" என்று கேட்க இடமிருக்கிறது. தேதி, சொன்ன வழி, கிடைத்த பதில் மூன்றும் இருந்தால் அந்தக் கேள்வி எழாது. போனில் பேசியதற்குப் பதிவு இருக்காது என்பதால், பேசி முடித்ததும் "இன்று பேசியபடி" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கோபத்தைக் கடிதத்தில் காட்ட வேண்டாம். ஆபத்து என்ன, எந்தத் தேதிக்குள் வேலை நடக்க வேண்டும் என்ற இரண்டும் தெளிவாக இருந்தால் போதும்.

அதன் பிறகும் ஓனர் அசையவில்லை என்றால், நீங்களே வேலையை முடித்துச் செலவை வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முதலில் எழுத்தில் தெரிவித்து நியாயமான அவகாசம் தந்திருக்க வேண்டும். உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் பழுது பற்றி என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பிளம்பரின் மதிப்பீட்டை ஓனருக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள், மீதி வாடகையைத் தவறாமல் வங்கி வழியாகக் கட்டுங்கள். சொல்லாமல் வாடகையை நிறுத்தினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வாடகை பாக்கி வைத்தவர் நீங்களாகிவிடுவீர்கள்.