தடத்துக்கு அடியில் குழாய்

"மூணடி தோண்டிட்டனுங்கண்ணா, குழாயைப் போட்டு மூடிறலாங்களா?" என்று கேட்டார் உடுமலைப் பக்கத்துத் தோப்புக்காரத் தம்பி, டீயை ஆற்றிக்கொண்டே. கிணற்றிலிருந்து தோப்புக்கு 90 மி.மீ. பி.வி.சி. குழாய் போகிறது. ஆறு கிலோ அழுத்தம் தாங்குகிற ரகம். வழியில் பன்னிரண்டடி அகல இட்டேரி ஒன்று குறுக்கே கிடக்கிறது. டிராக்டர் தினமும் போகும், தேங்காய் லாரி வெட்டு வெட்டுக்கு வரும். வயலுக்குள் இரண்டடி ஆழம் போதும், கலப்பை எட்டாது. தடத்துக்கு அடியில் அந்தக் கணக்கு செல்லாது.

முதல் கேள்வி, அந்த மூன்றடியை எங்கிருந்து எங்கே அளந்தார் என்பது. குழியின் ஆழத்தைச் சொல்கிறார். நமக்கு வேண்டியது குழாயின் முதுகுக்கு மேலே எவ்வளவு மண் இருக்கிறது என்பது. அடியில் மணல் படுக்கை நாலு அங்குலம், குழாயின் தடிமன் மூன்றரை அங்குலம், அதற்கு மேல் மண் மூன்றடி என்றால் குழி மூன்றே முக்கால் அடிக்குக் கிட்டே வந்துவிடும். மேலே அளவுகோலை வைக்கிற இடமும் முக்கியம். இட்டேரியின் நடுமேட்டிலிருந்து அளக்கக் கூடாது. சக்கரம் ஓடி ஓடிப் பள்ளமான தடத்தின் அடியிலிருந்து அளக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பள்ளம் இன்னும் அரையடி இறங்கும். தம்பி நடுமேட்டிலிருந்து அளந்திருந்தார். சக்கரம் ஓடுகிற இடத்தில் அவருடைய குழாய்க்கு மேலே இரண்டடி மண்கூட நிற்காது.

மூன்றடி என்பது யாரோ சும்மா சொன்ன எண் அல்ல, ஒரு சின்னக் கணக்கில் பிடிபடும். லாரியின் பின்பக்கத்தில் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டு டன் சுமையைத் தரையில் ஓரடிக்கு ஓரடி இடத்தில் இறக்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ.க்கு 30 செ.மீ. என்றால் 900 சதுர செ.மீ. 2000 கிலோவை அதால் வகுத்தால் சதுர செ.மீ.க்கு 2.2 கிலோ. கீழே போகப் போக இந்தச் சுமை மண்ணுக்குள் பரவுகிறது. எவ்வளவு ஆழம் இறங்குகிறோமோ அவ்வளவு அகலம் கூடும் என்பது பொறியாளர்கள் போடும் எளிய கணக்கு. ஓரடி ஆழத்தில் இடம் 60க்கு 60 ஆகிவிடுகிறது, அழுத்தம் 0.55 கிலோ. இரண்டடியில் 0.25. மூன்றடியில் 0.14. குண்டும் குழியுமான தடத்தில் சக்கரம் விழுந்து எழும்போது வருகிற அதிர்ச்சி தனி. அதுவும் ஆழத்தில் மங்கிப்போகும்.

"அப்படின்னா அஞ்சடி போட்டுட்டா இன்னும் நல்லதுதானுங்களே?" என்றார் தம்பி. அங்கேதான் வேறொரு கணக்கு குறுக்கே வருகிறது. மண்ணுக்கும் எடை உண்டு. மூன்றடி மண் தன் எடையாலேயே சதுர செ.மீ.க்கு 0.16 கிலோ அழுத்தும். அதாவது மூன்றடியில் மண்ணின் சுமையும் லாரியின் சுமையும் ஏறக்குறையச் சமமாகிவிடுகின்றன. அதற்குக் கீழே போனால் லாரி குறையும், மண் கூடும், மிச்சம் பெரிதாக ஒன்றுமில்லை. நாலடிக்கு மேல் தோண்டினால் குழியின் பக்கச் சுவர் சரிந்து ஆள் மாட்டிக்கொள்ளும் ஆபத்துதான் லாபம். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பில் குவிக்காமல் இரண்டடி தள்ளிப் போடச் சொல்வதும் அதற்காகத்தான்.

ஆழம் இவ்வளவுதான். என் கணிப்பில், தடத்துக்கு அடியில் உடைகிற குழாய்களில் பலவற்றை ஆழம் காப்பாற்றியிருக்காது. காரணம் விலாப்பக்கத்தில் இருக்கும்.

கையிலிருக்கிற பேப்பர் கப்பைக் காலிசெய்து பெஞ்சில் படுக்கப் போட்டு மேலே விரலால் அழுத்திப் பாருங்கள். சப்பையாகும், இரண்டு பக்கமும் வெளியே பிதுங்கும். இப்போது இரண்டு பக்கத்தையும் இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள், எளிதில் சப்பையாகாது. பிளாஸ்டிக் குழாய் நிலத்துக்குள் நிற்பது இப்படித்தான். சிமெண்ட் குழாய் தன் கெட்டித்தனத்தால் நிற்கும். பி.வி.சி. வளைந்து கொடுக்கும்; வளையும்போது இருபுறமும் மண் தாங்கினால்தான் பிழைக்கும். ஆகவே குழாயின் இரு பக்கமும், குறிப்பாக அடிவயிறு தரையோடு சேருகிற அந்த இரண்டு மூலையும், கெட்டியாக நிரம்பியிருக்க வேண்டும். மேலிருந்து மண்ணை வாரிக் கொட்டினால் அந்த மூலைக்குள் மண் போகாது. குழாய் ஒரே கோட்டில் உட்கார்ந்து, இரு பக்கமும் வெறும் பொந்தாக நிற்கும்.

ஜே.சி.பி. கொண்டு தோண்டினால் வருகிற முதல் தொல்லை, குழி தேவைக்கு மேல் அகலமாகிவிடுவது. ஒன்றரை அடி அகலம் போதும். ஆள் இறங்கிக் கால் வைக்க இடம் வேண்டும், அதற்கு மேல் தேவையில்லை. குழி குறுகலாக இருந்தால் கலையாத பழைய மண்சுவரே விலாவைத் தாங்கும். சின்ன பக்கெட் இருக்கிற வண்டியாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

குழியின் அடி மேடுபள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். உடுமலைப் பக்கம் கரிசலுக்குக் கீழே சுக்கான் தட்டும். அதில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு முனை போதும். லாரி போகிற ஒவ்வொரு தடவையும் குழாயின் அடி அந்த ஒரே புள்ளியில் குத்துப்படும். சில வருடங்கள் கழித்து அங்கே ஒரு நட்சத்திர விரிசல் விடும். மட்டம் பார்க்கச் செங்கல் துண்டு வைத்துக் குழாயைத் தூக்கி நிறுத்துகிறார்கள், அதுவும் இதே கதைதான். செங்கல் உள்ளேயே தங்கிவிடும், குழாய் அதன்மேல் பாலம் மாதிரி தொங்கும். மட்டம் வேண்டுமானால் மணலால் பாருங்கள்.

படுக்கைக்கு எது? ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம். எம்-சாண்ட் நல்லது, கிரஷர் டஸ்ட்டும் ஆகும், பெரிய சில் இருந்தால் சலித்துக்கொள்ளுங்கள். நல்ல செம்மண் கையருகே இருந்தால் கல் பொறுக்கிவிட்டு அதையும் போடலாம். தோண்டி எடுத்த கரிசலைக் குழாயைச் சுற்றிப் போடாதீர்கள். மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும், குழாயை ஒவ்வொரு பருவமும் பிடித்து இழுக்கும். கட்டியாகக் கிடக்கிற கரிசலுக்கு நடுவே இருக்கும் காற்றிடமும் பிற்பாடு பள்ளமாகத்தான் வெளிவரும்.

எவ்வளவு மணல் என்று தம்பி கேட்டார். தடம் பன்னிரண்டடி, இருபுறமும் மூன்றடி கூடுதலாக மொத்தம் பதினெட்டு அடி. அகலம் ஒன்றரை அடி. உயரம்: அடியில் நாலு அங்குலம், குழாய் மூன்றரை, அதன் முதுகுக்கு மேல் ஆறு, ஆக 13.5 அங்குலம். பெருக்கினால் முப்பது கன அடி, குழாய் அடைக்கிற இடம் ஒரு கன அடிதான். கெட்டிக்கும்போது மணல் இறங்கும் என்பதால் 35 கன அடி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். இதற்குக் கணக்குப் பார்த்துக் கரிசலையே தள்ளினால் ஒரு லாரி ஏறினதும் போகிற காசு இதைவிட அதிகம்.

பி.வி.சி. குழாய் ஒன்று இருபது அடி நீளம் வரும். ஆகவே பதினெட்டு அடிக்கு ஒரே குழாய் போதும், தடத்துக்கு அடியில் இணைப்பே வராது. இரண்டு முனையிலும் இணைப்பு தடத்தின் ஓரத்திலிருந்து நாலடி தள்ளிப் போய்விடும். இணைப்பு வருகிற இடத்தில் மணலில் சின்னக் குழி வாரிவிடுங்கள். சாக்கெட் தடித்திருக்கும், அதன்மேல் குழாய் நிற்கக் கூடாது. இரண்டடி ஆழத்திலிருந்து மூன்றடிக்கு இறங்க எல்போ வைப்பதைவிட, அடுத்த குழாயின் நீளம் முழுக்கக் குழியைச் சரிவாக எடுப்பது மேல்.

வெயிலில் காய்ந்த குழாயை மதியத்தில் போட்டு உடனே மூடினால் இரவில் சுருங்கும். ஒரு குழாய் ஒரு செ.மீ. வரை சுருங்கிவிடும், அந்த இழுப்பு பசை போட்ட இணைப்பில் விழும். சாயந்திரமோ காலையிலோ மூடுங்கள். அதற்கு முன்னால் மோட்டாரைப் போட்டு இணைப்புகளைப் பாருங்கள். பசை காய ஒரு நாள் விட வேண்டும்.

மூடுகிற விதம் இப்படி. குழாய்க்குள் தண்ணீர் நிரப்பி வையுங்கள். மணலை இரு பக்கமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, குச்சியாலோ காலாலோ அந்த அடிமூலைக்குள் திணியுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் குழாய் நகரும். மணலுக்குத் தண்ணீர் ஊற்றினால் நன்றாக இறங்கும். ஆனால் வெறுங்குழாயாக இருந்தால் அது மிதந்து மேலே வந்துவிடும், தண்ணீரில் அதன் தூக்கு விசை மீட்டருக்கு ஐந்து கிலோ. தண்ணீர் ஊற்றும் வேலை மணலோடு நிற்கட்டும், கரிசலில் ஊற்றினால் சேறுதான். மணல் முதுகுக்கு மேல் ஆறு அங்குலம் வந்த பிறகு பழைய உரச் சாக்கைக் கிழித்து நீளமாக விரித்துவிடுங்கள். நாளைக்கு ஜே.சி.பி. ஓட்டுகிறவருக்கு அதுதான் எச்சரிக்கை. அதற்கு மேல் கல் பொறுக்கிய மண், ஆறு ஆறு அங்குலமாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் குத்த வேண்டும். குழாய்க்கு நேர் மேலே ஓரடி மண் சேரும்வரை குத்தாமல், பக்கங்களில் மட்டும் குத்துங்கள். கடைசியில் தடத்தைவிட மூன்று நாலு அங்குலம் மேடாக விடுங்கள், சக்கரம் ஓடி அமரும்.

சுக்கான் இரண்டடியிலேயே தட்டி, உடைக்க வசதியில்லை என்றால்? குழாயைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றிவிடலாம் என்று கொத்தனார் சொல்வார். ஊற்றாதீர்கள். கெட்டியான கான்கிரீட்டிலிருந்து வளைகிற குழாய் வெளியே வருகிற அந்த விளிம்பில்தான் அடுத்த விரிசல். அதற்குப் பதில் 160 மி.மீ. தடித்த குழாயோ சிறிய ஹியூம் பைப்போ புதைத்து, அதற்குள் 90ஐ நுழையுங்கள். சுமையை வெளிக்குழாய் வாங்கிக்கொள்ளும். நாளைக்கு உள்குழாயை மாற்ற வேண்டுமானால் தடத்தைத் தோண்டாமல் உருவி எடுக்கலாம். வெளிக்குழாயும் பி.வி.சி. என்றால் அதற்கும் இதே படுக்கை, இதே விலாக்கெட்டிப்பு. இன்னொரு வழி, குழாய்க்கு மேல் மண்மெத்தை விட்டு, அதற்கு மேல் கான்கிரீட் பலகை பாவுவது. பலகை குழியின் இரு பக்கமும் ஓரடி கலையாத மண்ணில் அமர்ந்திருக்க வேண்டும். குழியின் அகலத்துக்கு மட்டும் வெட்டினால், லாரி ஏறும்போது பலகையும் சேர்ந்து கீழே இறங்கி அழுத்தும்.

மூடிய முதல் மழையிலேயே குழிக்கோடு பள்ளமானால் கெட்டிப்பு போதவில்லை, மண் போட்டு மேடாக்குங்கள். அதே இடம் மறுபடியும் மறுபடியும் இறங்கினால் கீழே பொந்து இருக்கிறது. மோட்டார் ஓடும்போது ஈரமாகி, நிறுத்தினால் காய்கிற இடம் தெரிந்தால் கசிவு. அதில் ஒரு சிக்கல் உண்டு. மணல் படுக்கை கரிசலுக்குள் ஒரு வாய்க்கால் மாதிரி வேலை செய்யும், கசிந்த நீர் அதன் வழியே ஓடிச் சரிவின் கீழ்முனையில்தான் வெளியே வரும். ஆகவே ஈரம் தெரிகிற இடத்தில் தோண்டாமல், அங்கிருந்து மேட்டுப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். மூடும்போதே தடத்தின் இரு ஓரத்திலும் ஓரடி நீளத்துக்கு மணலுக்குப் பதில் கல் பொறுக்கிய களிமண்ணை வைத்து அடைத்திருந்தால், கசிவு எந்தப் பக்கம் என்றாவது தெரிந்துவிடும்.