அப்பாவிடம் யாரும் கேட்பதில்லை

கர்ப்பம் உறுதியானதும் ஒரு பெண்ணின் கையில் தாய்-சேய் நல அட்டை வந்துவிடுகிறது. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, குழந்தையின் இதயத்துடிப்பு என ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. கணவர் உடன் வந்தாலும் ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காருகிறார், பணம் கட்டுகிறார், மருந்து வாங்குகிறார். "நீங்க எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா?" என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

கேட்டால் சிலரிடமிருந்து கவலைக்குரிய பதில் வரும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மனைவி கர்ப்பமாக இருக்கும் காலத்திலும் குழந்தை பிறந்த முதல் ஆண்டிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு தந்தைக்குப் பதற்றக் கோளாறு அளவுக்கான அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன.

பொறுப்பு வரும்போது எல்லோருக்கும் கவலை வரும், இதில் என்ன நோய் என்று கேட்கலாம். சாதாரணக் கவலை, பதில் கிடைத்ததும் அடங்கிவிடும். ஸ்கேன் நன்றாக வந்தால் அன்றிரவு தூக்கம் வரும். பதற்றக் கோளாறில் அந்த நிம்மதி சில மணி நேரம்கூட நிற்காது. ஸ்கேன் சரி என்றதும் மனம் பிரசவச் செலவுக்குத் தாவும், அங்கிருந்து ரத்தப்போக்குக்குத் தாவும். இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்கள் இப்படியே போய், வேலையும் தூக்கமும் கெட்டால் அதைப் பொறுப்புணர்வு என்று தள்ளிவிட முடியாது.

கேஸ் டிரபிள் என்ற பெயரில்

ஓர் உதாரணம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசர், வயது முப்பத்தொன்று. குமார் என்று பெயர் வைத்துக்கொள்வோம். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. இரண்டாவது முறை, வளைகாப்பு முடிந்து மனைவி திண்டுக்கல் பக்கம் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

குமார் ஒரு நாளைக்குப் பலமுறை போன் செய்கிறார். "அசைவு இருக்கா?" என்பதுதான் எப்போதும் கேள்வி. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, விடியும்வரை கைப்பேசியில் பிரசவச் சிக்கல்களைத் தேடிப் படிக்கிறார். பகலில் தையல்காரர்கள் மீது எரிந்து விழுகிறார். செலவை நினைத்து ஓவர்டைம் பார்க்கிறார். ஒருநாள் நெஞ்சு இறுகி, கை வியர்த்து, மூச்சு முட்டுகிறது. பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடுகிறார். இ.சி.ஜி. நார்மல். "கேஸ் டிரபிள்" என்று மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள்.

நெஞ்சுவலி என்று வந்தவருக்கு முதலில் இ.சி.ஜி. எடுத்தது சரிதான். தவறு அதற்குப் பிறகு நடக்கிறது. ஆபத்து வருவதாக மூளை நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், வயிறு புரளும். இவை உடலில் உண்மையாகவே நடப்பவை. அதனால் அவரும் உடல் நோய் என்றே நம்புகிறார், மருத்துவரும் வயிற்றோடு நின்றுவிடுகிறார். வீட்டில் என்ன நிலைமை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும்.

வீட்டாருக்கும் இது தெரிவதில்லை. ஓவர்டைம் பார்ப்பவரை 'பொறுப்பு வந்துருச்சு' என்று பாராட்டுகிறார்கள். கோபத்தை 'அவன் குணமே அப்படி' என்கிறார்கள். சிலர் குடியைக் கூட்டிக்கொள்கிறார்கள். அப்போது குடி மட்டுமே பிரச்சினையாகத் தெரிகிறது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய மனைவியோ, நம் வழக்கப்படி அந்த மாதங்களில் வேறு ஊரில் இருக்கிறார். அவரிடம் சொன்னால் அவருக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது என்று கணவரும் வாயைத் திறப்பதில்லை.

அம்மாவுக்குத் தைத்த சட்டை

கேள்வி கேட்கும் இடங்களிலும்கூட ஆண்கள் நழுவிவிடுவது உண்டு. பிரசவத்தையொட்டிய மனநலத்தை அளக்க உலகெங்கும் பயன்படுவது எடின்பரோ அளவுகோல். 1987-ல் ஸ்காட்லாந்தில், புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மார்களின் மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதற்காக உருவானது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10 அல்லது 13-ஐத் தொட்டால் மேற்கொண்டு விசாரிப்பது வழக்கம்.

குமார் அதை நிரப்பினால் என்ன ஆகும்? சிரிக்க முடிகிறதா, வரும் நாட்களை ஆவலோடு எதிர்பார்க்கிறீர்களா என்ற கேள்விகளுக்கு 0. சோகமாக இருக்கிறதா, அழுகை வருகிறதா என்பதற்கும் 0. தற்கொலை எண்ணத்துக்கு 0. சமாளிக்க முடியாமல் போவதற்கு 1, தூக்கம் கெடுவதற்கு 1. மீதி மூன்று கேள்விகள் பதற்றத்தைத் தொடுபவை: காரணமின்றித் தன்னையே குறைசொல்வதற்கு 1, கவலைக்கு 2, திகிலுக்கு 2. மொத்தம் 7. வழக்கமான கணக்கில் அவருக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அந்த 7-ல் 5 மதிப்பெண் பதற்றக் கேள்விகள் மூன்றிலிருந்து மட்டுமே வந்திருக்கிறது. 2001-ல் ஆஸ்திரேலியாவில் இதே அளவுகோலைத் தந்தையரிடம் சோதித்தபோது இந்தச் சிக்கல் தெரிந்தது. ஆண்கள் அழுகையை அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை. அதனால் மனச்சோர்வையும் பதற்றத்தையும் சேர்த்துப் பிடிக்க, தாய்மாருக்கு வைப்பதைவிட இரண்டு மதிப்பெண் குறைத்து, 6 வந்தாலே தந்தையரை விசாரிக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்தக் கணக்கில் குமார் சிக்கியிருப்பார். மதிப்பெண் நோயை உறுதி செய்துவிடாது. யாரை உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பதை மட்டுமே அது காட்டும்.

குழந்தை வந்த பிறகு

பிரசவம் நல்லபடி முடிந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று குமார் நினைத்திருப்பார். சிலருக்குத் தீர்ந்தும் விடுகிறது. பலருக்குக் கவலை குழந்தையிடம் இடம் மாறுகிறது. தூங்கும் பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துத் திரும்பத் திரும்ப மூச்சைப் பார்ப்பார்கள். மாடிப்படியில் குழந்தை கை நழுவி விழுவதுபோல் கண்முன் காட்சி வரும், அதற்குப் பயந்து குழந்தையைத் தூக்கவே தயங்குவார்கள். இப்படிப்பட்ட எண்ணங்கள் புதிய பெற்றோரிடம் மிகச் சாதாரணம். எண்ணத்தைக் கண்டு அஞ்சுவதே, அதைச் செய்ய அவர் விரும்பவில்லை என்பதற்கு அடையாளம். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று மறைப்பதால் அது இன்னும் வளர்கிறது.

பதற்றம் பெரும்பாலும் மனச்சோர்வோடு சேர்ந்தே வரும். தந்தையரின் மனச்சோர்வு, குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போதுதான் உச்சம் தொடுவதாக 2010-ல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. அதற்குள் வந்து பார்த்த சொந்தங்கள் எல்லாம் ஊர் திரும்பியிருப்பார்கள்.

சிகிச்சை இருக்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையே பலருக்குப் போதும். தேவைப்பட்டால் மாத்திரை சேர்ப்பார்கள், அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மனஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலும் எந்த நேரமும் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

ஆறு, பத்து, பதினான்கு வாரத் தடுப்பூசிகளுக்குக் குழந்தையையும் தாயையும் பைக்கில் அழைத்து வருபவர் பெரும்பாலும் அப்பாதான். ஊசி போடும் செவிலியர் அந்த மூன்று முறையும் அவரைப் பார்த்து, "நீங்க தூங்குறீங்களா? மனசு எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். அதற்குப் புதுக் கட்டடமோ நிதியோ தேவையில்லை. அடுத்த அட்டை அச்சாகும்போது அப்பாவுக்கும் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.