‘பட்டா என்றால் என்ன?’: முதல் வரியிலேயே வேண்டும் விடை

“பட்டா என்றால் என்ன?” என்று கைபேசியில் தேடுகிறவர் பொழுதுபோகாமல் தேடுவதில்லை. மனைக்கு முன்பணம் கொடுக்க நாள் குறித்தவராக இருக்கலாம். கடன் கேட்டுப் போன இடத்தில் “பட்டா எடுத்துட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பப்பட்டவராக இருக்கலாம். அப்பா காலமான பிறகு அவருடைய பெட்டியில் இருந்த காகிதங்களைப் பிரித்துப் பார்க்கும் மகளாகவும் இருக்கலாம். இவர்கள் யாருக்கும் கட்டுரை வேண்டாம். இரண்டு மூன்று வரியில் விடை வேண்டும்.

இவர்களுக்காகவே சட்டம், வங்கி, நிலம், மருத்துவம் என்று பல துறை இணையதளங்களும் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் விளக்கப் பக்கங்களை எழுதி வைக்கின்றன. அந்தப் பக்கத்தில் பலர் படிப்பது தலைப்பையும் முதல் பத்தியையும் மட்டும்தான். பக்கத்துக்கே வராமல் அந்த முதல் பத்தியைப் படித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. 2014 முதல் கூகுள், சில கேள்விகளுக்குத் தேடல் முடிவுகளின் உச்சியில் ஒரு பெட்டியைப் போட்டு, ஏதோ ஒரு பக்கத்திலிருந்து சில வரிகளை அப்படியே எடுத்துக் காட்டுகிறது. அங்கே உங்கள் வரிகளுக்கு முன்னும் பின்னும் துணைக்கு எதுவும் இருக்காது. தனியே பெயர்த்து வைத்தாலும் முழு விடையாக நிற்கிறதா என்பதுதான் முதல் பத்திக்கான உண்மையான சோதனை.

முதலில் தலைப்பு. “நிலம் பற்றி நீங்கள் அறிய வேண்டிய அனைத்தும்” என்ற தலைப்பில் தேடியவரின் சொல்லே இல்லை. “பட்டாவின் பொருளும் பயன்களும்” என்பதில் சொல் இருந்தாலும் வேற்றுமை உருபு ஏறி உருமாறியிருக்கிறது. மக்கள் “பட்டா என்றால் என்ன” என்று எழுவாயாகத்தான் தட்டுகிறார்கள். பலர் ஆங்கில எழுத்தில் `patta endral enna` என்றும் தட்டுகிறார்கள். தேடுபொறி இவற்றைப் பெரும்பாலும் இணைத்துப் புரிந்துகொள்ளும். ஆனால் முடிவுகளில் கண்ணை ஓடவிடும் மனிதர், தான் தட்டிய சொல்லை அதே வடிவில் தேடுகிறார். அதனால் சொல்லைத் தலைப்பின் முதலிலேயே, உருபு சேர்க்காமல் வைப்பது நல்லது.

தலைப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம்? கூகுள் எழுத்துக் கணக்கு எதையும் விதிக்கவில்லை. திரையின் அகலத்தில் அடங்காதது வெட்டப்படும், அவ்வளவுதான். தமிழில் ண, ஞ, ணை, கௌ போன்றவை அகலமாக இடம் பிடிப்பதால், ஆங்கிலத் தலைப்புகளுக்குச் சொல்லப்படும் அறுபது எழுத்துக் கணக்கு இங்கே பொருந்தாது. முக்கியமானது முன்னால், இணையதளத்தின் பெயர் கடைசியில் என்ற வரிசையில் எழுதினால், வெட்டுப்பட்டாலும் நட்டம் இல்லை.

```html
<title>பட்டா என்றால் என்ன? பத்திரம் வேறா?</title>
<h1>பட்டா என்றால் என்ன?</h1>
```

முதல் வரி, தேடல் முடிவில் தோன்றுவதற்காக எழுதும் தலைப்பு. இரண்டாவது, பக்கத்துக்குள் தெரியும் தலைப்பு. இரண்டும் ஒரே பேச்சைப் பேச வேண்டும். எழுதிய தலைப்பு பக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று கண்டால் கூகுள் வேறொன்றைத் தானே அமைத்துக் காட்டும். 2021 ஆகஸ்டில் அந்த முறையை அது மாற்றியமைத்தபோது, தங்கள் தலைப்புக்குப் பதில் வேறு வாசகம் தெரிவதைப் பல இணையதளக்காரர்கள் பார்த்தார்கள்.

இனி விளக்கம். வழக்கமாகக் காணக் கிடைக்கும் வாக்கியம் இது: “பட்டா என்பது நில உரிமையைக் காட்டும் மிக முக்கியமான ஆவணம்.” படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘பட்டா’ இருக்கும் இடத்தில் ‘கிரயப் பத்திரம்’ என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் அப்போதும் பொருந்துகிறது. அண்டைச் சொல்லுக்கும் பொருந்தும் வாக்கியம் விளக்கமாகாது. இதை நம்பியவர் பட்டாவை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடலாம். நிலத்தை விற்றபின்னும் பட்டா மாறுதல் நடக்காதவரை வருவாய்க் கணக்கில் பழையவர் பெயரே நிற்கும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. யார் தருவது, எதைக் காட்டுவது, எதைக் காட்டாது என்ற மூன்றும் வந்தால்தான் பட்டா தன் அண்டைச் சொற்களிலிருந்து பிரிந்து நிற்கும்.

இவற்றை ஒரே வாக்கியத்தில் அடைக்கப் போனால் தமிழில் ஒரு சிக்கல் வருகிறது. “பட்டா என்பது ஒரு கிராமத்தில் உள்ள குறிப்பிட்ட புல எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் உரிய நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டும் வகையில் வருவாய்த் துறையால் வழங்கப்படும் ஆவணம்.” தவறே இல்லாத வாக்கியம். ஆனால் அது என்ன வகைப் பொருள் என்று சொல்லும் ‘ஆவணம்’ கடைசியில்தான் வருகிறது. நம் மொழியில் அடைமொழிகள் எல்லாம் முன்னால் வந்து, தலைமைச் சொல் கடைசியில் உட்காரும். தேடல் முடிவில் வரி பாதியில் அறுந்தால், போவது அந்தத் தலைமைச் சொல்தான். ஆகவே வகையை முதலில் ஒரு குறுவாக்கியத்தில் சொல்லிவிட்டு, மற்றதை அடுத்தடுத்துச் சொல்ல வேண்டும்:

“பட்டா, தமிழ்நாடு வருவாய்த் துறை தரும் நில ஆவணம். ஒரு நிலம் அரசின் வருவாய்க் கணக்கில் யார் பெயரில் இருக்கிறது என்பதை அது காட்டும். உரிமையாளர் பெயர், புல எண், உட்பிரிவு எண், பரப்பு, தீர்வை ஆகியவை அதில் இருக்கும். நிலத்தை வாங்கியதற்கான சான்று பதிவு செய்த கிரயப் பத்திரம்தான். பட்டா அதற்கு ஈடாகாது.”

இந்தப் பத்தியைத் தனியே பெயர்த்து எடுத்தாலும் எதுவும் குறையாது. ‘இது’, ‘மேற்கண்ட’ என்று தொடங்கியிருந்தால் பெட்டிக்குள் போனதும் எதைப் பற்றிய பேச்சு என்றே தெரியாது. ‘தமிழ்நாடு’ என்ற சொல்லும் சும்மா வரவில்லை. நில ஆவணங்களின் பெயர்களும் நடைமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ‘புல எண்’ புரியாதவருக்கு அதை அடுத்த பத்தியில் விளக்கலாம். முதல் பத்தியில் அவருக்குப் புரியாத சொல் ஒன்றுக்கு மேல் இருந்தால், அவர் இன்னொரு தேடலுக்குப் போய்விடுவார்.

பக்கம் வெளியான பிறகு அது வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில், எந்தெந்தத் தேடலுக்கு அந்தப் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று பார்க்கலாம். நிறையக் காட்டப்பட்டும் சிலரே சொடுக்கினால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம்: தலைப்பு அவர்கள் கேள்விக்குப் பொருந்தவில்லை, அல்லது முடிவுப் பக்கத்திலேயே விடை கிடைத்துவிட்டது. அதே தேடலை நீங்களே செய்து பார்த்தால் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டாவது காரணமானால் வருந்த வேண்டியதில்லை. கேட்டவருக்கு விடை போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்தப் பட்டியலில் “பட்டா பார்ப்பது எப்படி” என்ற தேடலும் தென்படலாம். அவருக்கு விளக்கம் தேவையில்லை. `eservices.tn.gov.in` தளத்தில் எடுக்கும் வழிதான் தேவை. அதைத் தனிப் பக்கமாக எழுதி இங்கிருந்து இணைப்புக் கொடுப்பதே முறை. “பட்டா சிட்டா வேறுபாடு” என்ற தேடல் வந்தால் அதற்கு இதே பக்கத்தில் ஒரு பத்தி சேர்க்கலாம். இரண்டும் முன்பு தனித்தனி ஆவணங்கள். இப்போது ஒன்றாகச் சேர்த்தே தரப்படுகின்றன. பழைய விளக்கத்தை அப்படியே விட்டுவைத்த பக்கம், இல்லாத ஒரு தனிச் சிட்டாவைக் கேட்டு ஒருவரைத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிடும். அரசு நடைமுறை மாறும்போதெல்லாம் முதல் பத்தியைத் திரும்ப எடுத்துப் படித்துத் திருத்துவது, அதை எழுதியவரின் கடமை.