தேவையில்லாதது போல் தெரியும் அந்த ஒரு வரி

2014-இல் வெளிவந்த ‘டார்க் சோல்ஸ் 2’ வீடியோ கேமைக் கணினியில் ஆடியவர்களின் வாள்கள் விரைவாகத் தேய்ந்து உடைந்தன. கன்சோலில் ஆடியவர்களுக்கு அவ்வளவு தொல்லை இல்லை. அன்றைய கன்சோல்களில் அந்த விளையாட்டு வினாடிக்கு 30 ஃபிரேம் வேகத்தில் ஓடியது. கணினியில் அது 60. ஆயுதத்தின் தேய்மானம் ஃபிரேம் எண்ணிக்கையோடு பிணைந்திருந்ததால், அதே வாள்வீச்சு கணினியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தேய்மானத்தைத் தந்தது. 2015-இல்தான் இதற்குத் திருத்தம் வந்தது.

பெரிய குழு உருவாக்கிய விளையாட்டிலேயே சண்டைக்கான நிரல் இப்படிக் காலை வாரும். ஒரே ஆள் வேலை நேரம் போக மிச்சப் பொழுதில் எழுதும் விளையாட்டில் சண்டை ஸ்கிரிப்ட்தான் பெரும்பாலும் மிகவும் பலவீனமான பகுதி. அசைவுப்படம், மோதல் கணக்கு, ஒலி, எதிரியின் உயிர்ப்புள்ளி எல்லாம் ஒரு வினாடியின் சிறு துண்டுக்குள் அங்கே சந்திக்கின்றன. அதை எழுதியவர் தன்னார்வமாக உதவ வரும் இன்னொரு புரோகிராமரிடம் ஒப்படைக்கும்போது எழுதித் தரும் குறிப்பில்தான் அந்த விளையாட்டின் ஆயுள் இருக்கிறது. அந்தக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம்.

கோடோ என்ற இலவச கேம் எஞ்சினில் எழுதிய எளிய வாள்சண்டை விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம். கோடோ தன் மோதல் கணக்குகளை, நாம் மாற்றாதவரை, வினாடிக்கு 60 முறை செய்கிறது. ஒவ்வொரு முறையையும் ஒரு ‘டிக்’ என்பார்கள். நாயகனின் வாள்வீச்சில் வாள் வெட்டக்கூடிய நேரம் வினாடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 டிக். வாளின் முன்னே கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருக்கிறது. ஹிட்பாக்ஸ் என்பது அதன் பெயர். ஒவ்வொரு டிக்கிலும் அந்தப் பெட்டிக்குள் யார் நிற்கிறார்கள் என்று ஸ்கிரிப்ட் பார்க்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எதிரி அந்த 6 டிக்கும் பெட்டிக்குள்ளேயே நின்றால், ஒரு வெட்டு ஆறு வெட்டாகிவிடும். 10 புள்ளி சேதம் 60 ஆகி, 50 உயிர்ப்புள்ளி உள்ள எதிரி ஒரே வீச்சில் விழுந்துவிடுவான். இதைத் தடுக்க, கல்யாண வீட்டில் மொய் எழுதியவர் பெயரைக் குறித்து வைப்பதுபோல, இந்த வீச்சில் ஏற்கெனவே அடிபட்டவர்களை ஸ்கிரிப்ட் `already_hit` என்ற பட்டியலில் குறித்து வைக்கிறது. பெயர் இருந்தால் மறுபடி அடி இல்லை. அடுத்த வீச்சுக்கு முன் பட்டியலைக் காலி செய்ய வேண்டும்.

காலி செய்யும் வேலை ஸ்கிரிப்டில் இரண்டு இடங்களில் நடக்கிறது:

```
func start_swing():
    already_hit.clear()
    $Anim.play("slash")

func _on_anim_finished(anim_name):
    if anim_name == "slash":
        already_hit.clear()
```

புதிதாக வரும் புரோகிராமர் இதைப் பார்த்ததும் என்ன நினைப்பார்? வீச்சு முடியும்போதே பட்டியல் காலியாகிறது. அடுத்த வீச்சின் தொடக்கத்தில் காலிப் பட்டியலை ஏன் மறுபடி காலி செய்ய வேண்டும்? முதல் `clear()` வரியை நீக்கிவிட்டு இரண்டு நிமிடம் ஆடிப் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக ஓடும். நிரலைச் சுத்தம் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

பிழை சில வாரங்கள் கழித்து, ஆடுபவர்களின் புகாராகத் திரும்பி வரும்: “சில நேரம் வாள் எதிரியின் உடம்பு வழியாகப் போகிறது, அடி விழவில்லை.” எப்போது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

நடப்பது இதுதான். நாயகன் வாளை வீசுகிறான். இரண்டாவது டிக்கில் எதிரிக்கு அடி விழுகிறது. அவன் பெயர் பட்டியலில் ஏறுகிறது. நான்காவது டிக்கில் எதிரி திருப்பி அடிக்கிறான். நாயகன் துடிக்கும் அசைவுப்படம் உடனே தொடங்குகிறது. வாள்வீச்சின் அசைவுப்படம் பாதியில் அறுந்துபோகிறது. கோடோவில் ஓர் அசைவுப்படம் தானாக ஓடி முடிந்தால்தான் `animation_finished` என்ற அறிவிப்பு வரும். பாதியில் வேறொன்று குறுக்கிட்டால் முதல் அசைவுப்படத்துக்கு அந்த அறிவிப்பு வராது. ஆகவே வீச்சின் முடிவில் நடக்க வேண்டிய காலி செய்யும் வேலை நடக்கவே இல்லை. எதிரியின் பெயர் பட்டியலிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த வீச்சில் ஸ்கிரிப்ட் அவனை ஏற்கெனவே அடிபட்டவனாகக் கருதி விட்டுவிடுகிறது. அந்த வீச்சு முழுதாக ஓடி முடிந்ததும் பட்டியல் காலியாகிவிடுவதால், அதற்கடுத்த வீச்சு சரியாகவே விழுகிறது. பிழை தன் தடத்தைத் தானே அழித்துவிடுகிறது. அதனால்தான் பிடிபடுவதில்லை.

உண்மையில் தேவையில்லாதது முடிவில் இருக்கும் `clear()`தான். தொடக்கத்தில் இருப்பது உயிர்நாடி. நிரலை மட்டும் படிப்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும். எனவே ஒப்படைப்புக் குறிப்பில் இதைப் பற்றி எழுத வேண்டியது இவ்வளவு:

“`start_swing`-இல் உள்ள `clear()` வரியை நீக்காதீர்கள். வீசும்போதே நாயகன் அடிபட்டால் வீச்சு முடிந்த அறிவிப்பு வராது. இந்த வரி இல்லையென்றால் அடுத்த வீச்சு அதே எதிரியைத் தொடாது. இதே காரணத்துக்காகத்தான் `hurt()` உள்ளே `swing_active`-ஐ நானே `false` ஆக்குகிறேன். இல்லையென்றால் துடித்துக்கொண்டிருக்கும்போதும் வாள் வெட்டும். முடிவில் உள்ள `clear()`-ஐ நீங்கள் விரும்பினால் எடுத்துவிடலாம்.”

எதைத் தொடக்கூடாது, தொட்டால் திரையில் என்ன தெரியும், ஏன், எதைத் தாராளமாக மாற்றலாம் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. “கவனமாக இருக்கவும், இந்த ஸ்கிரிப்ட் மென்மையானது” என்று மட்டும் எழுதினால் உதவ வந்தவருக்குப் பயம்தான் மிஞ்சும். பயந்தவர் பழைய நிரலைத் தொடாமல் அதன்மேல் புதிய நிரலை ஒட்டுவார். ஸ்கிரிப்ட் இன்னும் பலவீனமாகும்.

அடுத்ததாக, மாற்றியபின் சரிபார்க்கும் வழியும் குறிப்பில் இருக்க வேண்டும். இந்த ஸ்கிரிப்டுக்கு மூன்று சோதனைகள் போதும். முதலாவது, அசையாமல் நிற்கும் எதிரியை ஒருமுறை வெட்டினால் சரியாக 10 புள்ளி குறைய வேண்டும். இரண்டாவது, ஒட்டி நிற்கும் இருவரை ஒரே வீச்சில் வெட்டினால் இருவருக்கும் தலா 10 குறைய வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: வாள் எதிரியைத் தொட்டபின், வீச்சு முடியும் முன், நாயகன் அடிவாங்க வேண்டும், உடனே அடுத்த வீச்சு அதே எதிரிமேல் விழ வேண்டும். சாதாரண வேகத்தில் இந்தக் கணத்தைப் பிடிப்பது கடினம். `Engine.time_scale = 0.1` என்று வைத்தால் விளையாட்டு பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கும். பிழைதிருத்த மெனுவில் `Visible Collision Shapes`-ஐ இயக்கினால் ஹிட்பாக்ஸும் கண்ணுக்குத் தெரியும்.

இந்தச் சோதனைகள் இருந்தால் உதவ வந்தவர் ஸ்கிரிப்ட் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு முறையில்கூட எழுதலாம். மூன்றும் தேறினால் சண்டை சரியாக நடக்கிறது என்று அவருக்கே தெரியும். பழைய ஆளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தனியாக விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்படைக்கும் நாளில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைவுபடுத்த முயலாதீர்கள். விசித்திரமான ஒரு வரியைச் சேர்த்துப் பிழை நின்ற அன்றே, அந்த வரிக்கு மேலே, எந்தப் பிழைக்காகச் சேர்த்தீர்கள், அதை மறுபடி வரவழைக்க என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வாக்கியம் எழுதிவிடுங்கள். பின்னால் அவற்றைத் தொகுத்தாலே பாதிக் குறிப்பு தயாராகிவிடும்.