ஏழு நாள் மருந்தும் மூன்று நாள் மருந்தும்

ஏஎம்எல் என்ற தீவிர ரத்தப் புற்றுநோய்க்கு 1970-களிலிருந்து தரப்படும் சிகிச்சையை மருத்துவர்கள் 'செவன் ப்ளஸ் த்ரீ' என்பார்கள். சைட்டரபீன் ஏழு நாள் இரவு பகலாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். டானோரூபிசின் என்ற சிவப்பு மருந்து முதல் மூன்று நாள் மட்டும், நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்களில் ஏறி முடிந்துவிடும்.

செல் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏவை நகலெடுக்கிறது. இதுதான் எஸ் கட்டம். சைட்டரபீன் டிஎன்ஏவின் ஓர் உறுப்பைப் போல வேடமிட்டு நகல் இழையில் ஏறிக்கொண்டு, அது மேலும் வளராமல் தடுக்கிறது. நகலெடுக்காத செல்லிடம் அதன் வேலை பலிக்காது. எந்த நேரத்திலும் புற்றுசெல்களில் ஒரு பகுதிதான் எஸ் கட்டத்தில் இருக்கும். போதாததற்கு உடலும் இந்த மருந்தைச் சீக்கிரமே சிதைத்துவிடும். ஒரே ஊசியாகப் போட்டால், அந்நேரம் சும்மா இருந்த செல்கள் தப்பிவிடும். அதனால்தான் ஒவ்வொரு செல்லும் நகலெடுக்க வரும்வரை மருந்து ரத்தத்தில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

டானோரூபிசின் டிஎன்ஏ இழைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு அவற்றை உடைக்கிறது. செல் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அதற்குப் பெரிதாக வித்தியாசமில்லை. இங்கே நேரத்தைவிட அளவுதான் முக்கியம்.

பக்கவிளைவுகளும் இதையொட்டியே வருகின்றன. வேகமாகப் பிரியும் நல்ல செல்கள் எலும்பு மஜ்ஜையிலும் வாயிலும் குடலிலும் முடிவேரிலும் இருக்கின்றன. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் எல்லாம் அதனால்தான். ஆபத்தானது மஜ்ஜை ஒடுங்குவது. நியூட்ரோபில் எண்ணிக்கை 500-க்குக் கீழே இறங்கும். மீண்டுவர மூன்று, நான்கு வாரம் ஆகலாம். அப்போது 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல் வந்தால் காரணம் தெரியும்வரை காத்திராமல் உடனே ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள்.

ஆனால் கணக்குக்குள் அடங்காத விளைவும் உண்டு. இதயத் தசைச் செல்கள் பிரிவதே அரிது. ஆனாலும் டானோரூபிசின் அவற்றைக் கெடுக்கும். அந்தச் சேதம் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். உடல்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் தந்தால் 180 ஆகிறது. பெரியவர்களுக்கு வாழ்நாள் உச்சவரம்பு சுமார் 550. ஆகவே மூன்று சுற்றிலேயே வரம்பு நெருங்கிவிடும். எக்கோ பரிசோதனை செய்வதும், முன்பு இதே இன மருந்து ஏறியிருக்கிறதா என்று விசாரிப்பதும் இதனால்தான்.

குழந்தைகளின் லுகேமியாவுக்குத் தரும் வின்கிறிஸ்டின் வேறு வகை. செல் இரண்டாகப் பிரியும் எம் கட்டத்தில், குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்களை அது உருவாகவிடாது. அதே நுண்குழாய்கள் நரம்புகளிலும் இருக்கின்றன. அதனால் மஜ்ஜை ஓரளவு தப்பிக்க, அடி விழுவது நரம்பில். இந்த மருந்து ஏறும் பிள்ளை பரிசோதனைக்கு வந்தால் ரத்த எண்ணிக்கையோடு நிறுத்தாமல், சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, நடக்கும்போது பாதம் தடுக்குகிறதா, மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்றும் மருத்துவர் கேட்பார்.