ஒரு நொடி கையை எடுத்தால் ஓடத் தொடங்கும் நிரல்

வலைத்தள வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் திரையை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் எடிட்டர், மறுபக்கம் பிரவுசர். எடிட்டரில் கோப்பைச் சேவ் செய்ததும் பிரவுசரில் பக்கம் தானாக மாறிவிடும். ரிஃப்ரெஷ் பொத்தானைத் தேட வேண்டியதில்லை. இதைத்தான் ஹாட் ரீலோட் என்கிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு காவல்காரர் இருக்கிறார்: ஃபைல் வாட்சர். வட்டில் எந்தக் கோப்பு மாறினாலும் இயங்குதளம் அவருக்குத் தகவல் சொல்லும். லினக்ஸில் அந்த வசதியின் பெயர் `inotify`, மேக்கில் `FSEvents`. தகவல் வந்தவுடன் வீட், வெப்பேக் போன்ற டெவலப்மென்ட் சர்வர் மாறிய கோப்பை மட்டும் புதிதாக எடுத்துப் பிரவுசருக்கு அனுப்புகிறது. பிரவுசர் அதை உடனே இயக்குகிறது. எழுதியவர் வேலையை முடித்துவிட்டாரா, பாதியில் யோசித்துக்கொண்டிருக்கிறாரா என்பது இவர்களில் யாருக்கும் தெரியாது. கோப்பு மாறியது என்பது மட்டுமே தெரியும்.

சேவ் செய்வது மனிதரின் கையில் இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. ஒரு வாக்கியத்தை எழுதி முடித்த பிறகுதான் விரல் Ctrl+S-க்குப் போகும். ஆட்டோ சேவ் வந்ததும் அந்தத் தீர்ப்பு ஒரு கடிகாரத்தின் கைக்குப் போய்விடுகிறது. வி.எஸ். கோடில் `files.autoSave` என்ற அமைப்பை `afterDelay` என்று வைத்தால், கடைசியாக ஒரு விசையைத் தட்டி ஒரு நொடி, அதாவது 1000 மில்லி விநாடி, ஆனதும் கோப்பு சேவ் ஆகிவிடும். ஒரு நொடி என்பது யோசிக்கிறவருக்கு மிகக் குறைந்த நேரம். ஒரு மாறிக்கு என்ன பெயர் வைப்பது என்று தலையைச் சொறிவதற்குள் போய்விடும்.

பாதி எழுதிய நிரலில் இலக்கணப் பிழை இருக்குமே, அது ஓடாதே என்று தோன்றும். உண்மைதான். பிழை இருந்தால் பிரவுசரில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை எழும்; திருத்தியதும் மறையும். கண்ணுக்கு எரிச்சலே தவிர வேறு கெடுதல் இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அடைப்புக்குறியைத் திறந்தால் மூடும் குறியை எடிட்டரே போட்டுவிடும் காலம் இது. அதனால் முடிவடையாத நிரல் பல நேரம் இலக்கணப்படி முழுமையாகவே இருக்கும். ரியாக்டில் ஆர்டர் பட்டியலைச் சர்வரிலிருந்து எடுத்துவரும் இந்தத் துண்டைப் பாருங்கள்:

```jsx
useEffect(() => {
  fetch('/api/orders')
    .then(r => r.json())
    .then(setOrders)
})
```

எழுதுகிறவர் இங்கே கையை எடுத்திருக்கிறார். கடைசி வரி `}, [])` என்று முடிய வேண்டும். அந்தச் சதுர அடைப்புதான் 'பக்கம் திறக்கும்போது ஒருமுறை மட்டும் செய்' என்ற கட்டளை. அது இல்லாவிட்டாலும் பிழை கிடையாது. அர்த்தம்தான் மாறிவிடும்: 'திரையை வரையும் ஒவ்வொரு முறையும் செய்.' பட்டியல் வந்து சேர்ந்தால் திரை மறுபடி வரையப்படும். வரைந்தால் மறுபடி பட்டியல் கேட்கப்படும். இது நிற்காது. உள்ளூர் சர்வர் 20 மில்லி விநாடியில் பதில் தருவதாக வைத்துக்கொண்டால், நொடிக்குச் சுமார் ஐம்பது கோரிக்கைகள். அடைப்புக்குள் என்ன போடுவது என்று பத்து நொடி யோசித்தால் ஐந்நூறு. கேட்கப்படுவது சொந்த சர்வராக இல்லாமல், அழைப்புக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் வெளிச் சேவையாக இருந்தால் வேடிக்கை இன்னும் கூடும்.

பிரவுசர் உறைந்து நிற்காது என்பதால் இது சட்டென்று கண்ணில் படாது. பட்டியல் சரியாகத்தான் தெரியும். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால்தான் `orders` என்ற வரி ஓயாமல் அடுக்கிக்கொண்டே போவது தெரியும்.

சதுர அடைப்பைச் சரியாகப் போட்டுவிட்டாலும் முழு விடுதலை இல்லை. ரியாக்டின் ஃபாஸ்ட் ரிஃப்ரெஷ், அந்தக் கோப்பு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் `useEffect`-ஐ மீண்டும் ஓட்டுகிறது; அடைப்புக்குள் இருப்பதை அந்த நேரத்துக்குக் கண்டுகொள்வதில்லை. வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள், மாற்றம் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக. ஆகவே அதே கோப்பில் ஒரு தலைப்பின் எழுத்தைத் திருத்தினாலும், ஒவ்வொரு ஆட்டோ சேவுக்கும் ஒரு கோரிக்கை போகும். அது தகவலைப் படிக்கும் கோரிக்கையாக இருந்தால் பரவாயில்லை. பதிவு போடும் கோரிக்கையாக இருந்தால் சோதனை டேட்டாபேஸில் ஒரே பதிவு பல தடவை உட்கார்ந்திருக்கும்.

ஃபாஸ்ட் ரிஃப்ரெஷின் பெரிய வசதி, நிரப்பி வைத்த படிவம் அழியாமல் இருப்பது. அதையும் ஆட்டோ சேவ் கெடுக்கும். ஒரு கம்போனன்டில் `useState` வரியைச் சேர்த்தாலோ மாற்றினாலோ, அதன் நிலை பழையபடி தொடக்கத்துக்குப் போய்விடும். கையால் சேவ் செய்தால் இது ஒருமுறை நடக்கும். கடிகாரம் சேவ் செய்தால், பெயரை எழுதி நிறுத்தியபோது ஒருமுறை, தொடக்க மதிப்பை எழுதி நிறுத்தியபோது ஒருமுறை என்று படிவம் திரும்பத் திரும்பக் காலியாகும்.

இது ஆட்டோ சேவின் வேலைதானா என்று கண்டுபிடிப்பது எளிது. வீட் ஓடும் டெர்மினலைப் பாருங்கள். `hmr update` என்று தொடங்கும் வரியில் கோப்பின் பெயருக்குப் பின்னால் `(x2)`, `(x3)` என்று எண் ஏறும். Ctrl+S-ஐத் தொடாமலே அது ஏறிக்கொண்டிருந்தால், கடிகாரம்தான் சேவ் செய்கிறது.

ஆட்டோ சேவை அடியோடு நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மின்சாரம் போய் வேலை தொலைந்த அனுபவம் உள்ளவர்கள் யாரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள். சேவ் ஆகும் தருணத்தை மாற்றினால் போதும். ப்ராஜெக்டின் `.vscode/settings.json` கோப்பில் இதை எழுதலாம்:

```json
{
  "files.autoSave": "onWindowChange"
}
```

இப்போது எடிட்டர் ஜன்னலை விட்டு வெளியேறினால் மட்டுமே சேவ் ஆகும். பிரவுசரைப் பார்க்கப் போகும் கணமும் அதுதான் என்பதால் பொருத்தம் நன்றாக இருக்கிறது. `onFocusChange` என்று இன்னொன்று உண்டு. அது எடிட்டருக்குள்ளேயே பக்கத்துக் கோப்பில் ஒரு பெயரைச் சரிபார்க்கப் போனாலும் சேவ் செய்துவிடும். பாதி நிரலைப் பொறுத்தவரை அதுவும் `afterDelay`-இன் தம்பிதான்.

சிலர் `files.autoSaveWhenNoErrors` என்பதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பிழையுள்ள கோப்பை அது சேவ் செய்யாது, சரி. ஆனால் மேலே பார்த்த துண்டில் எடிட்டர் பிழை என்று குறிக்க எதுவும் இல்லையே. இன்னொரு விஷயம்: `editor.formatOnSave` போட்டிருப்பவர்கள் `afterDelay`-இல் நிரல் அழகாக வரிசைப்படாததைக் கண்டு குழம்புவார்கள். நேரக் கணக்கில் நடக்கும் சேவுக்கு வி.எஸ். கோட் அந்த வேலையைச் செய்வதில்லை. தட்டிக்கொண்டிருக்கும்போதே வரிகள் இடம் மாறினால் யாருக்கும் பிடிக்காது.

அடிக்கடி சேவ் ஆவது வாட்சருக்கும் சோதனைதான். எடிட்டர் கோப்பைக் காலி செய்துவிட்டு எழுதும் அந்தச் சின்ன இடைவெளியில் வாட்சர் படித்தால், வெற்றுக் கோப்புதான் கிடைக்கும். வீட் இதற்கென்றே, படித்தது காலியாக இருந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி படிக்கிறது. சில எடிட்டர்கள் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பிறகு பெயரை மாற்றி வைக்கும். அப்போது பழைய கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் வாட்சருக்கு எதுவும் தெரியாமல் போகலாம். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் 'சேஃப் ரைட்' என்று அறியப்படுவது இதுதான். சேவ் செய்தும் பக்கம் மாறவில்லை என்றால் முதலில் அதை அணைத்துப் பார்க்க வேண்டும்.

`vite.config.js`, `.env` போன்ற கோப்புகளைத் தொடும்போது மட்டும் எந்த வகை ஆட்டோ சேவும் வேண்டாம். அவை மாறினால் டெவலப்மென்ட் சர்வரே நின்று புதிதாகத் தொடங்கும். சாவியைப் பாதி தட்டியபோது சேவ் ஆகியிருந்தால், பாதிச் சாவியோடுதான் தொடங்கும்.