எலும்பைத் தொட்டால் ஆறு வாரம்

டீக்கடை நடத்துகிற ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். வலது கால் பெருவிரலின் அடியில் இருந்த ஆணி வெடித்து, மூன்று வாரமாக ஆறாத புண்ணாகிவிட்டது. வலி இல்லை. காய்ச்சலும் இல்லை. மருந்துக்கடையில் ஐந்து நாளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்தார். கொஞ்சம் வற்றியது, பிறகு மறுபடியும் கசிய ஆரம்பித்தது. "வலியே இல்லையே டாக்டர், சின்னப் புண்தானே?" என்கிறார். சர்க்கரையால் கால் நரம்புகள் மரத்துப் போனவருக்கு வலி வராதது நல்ல செய்தி அல்ல.

டாக்டர் முதலில் பார்ப்பது புண்ணில் கிருமித் தொற்று இருக்கிறதா என்பதைத்தான். திறந்த புண் எதிலும் கிருமிகள் குடியிருக்கும். அது மட்டுமே தொற்று ஆகிவிடாது. வீக்கம், சிவப்பு, சூடு, தொட்டால் வலி, சீழ் ஆகியவற்றில் இரண்டாவது இருந்தால்தான் தொற்று என்று சொல்வார்கள். இவை எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. கொடுத்தாலும் புண் சீக்கிரம் ஆறாது. மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்த்துவிடுவதுதான் மிச்சம்.

அடுத்து அளவுகோல். புண்ணின் விளிம்பிலிருந்து சிவப்பு 2 செ.மீ.க்குள் நின்று, தோலோடும் அதன் கீழ்க்கொழுப்போடும் முடிந்தால் லேசான தொற்று. 2 செ.மீ.யைத் தொட்டாலோ தாண்டினாலோ, அல்லது தசைநார், மூட்டு, எலும்பு வரை இறங்கினாலோ நடுத்தரம். அதோடு உடம்பு முழுவதும் பாதிக்கப்பட்டதற்கான அடையாளங்கள் இரண்டாவது தெரிந்தால் கடுமையான தொற்று: 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல் அல்லது 36-க்குக் கீழே குளிர்ந்த உடல், 90-ஐத் தாண்டிய நாடித்துடிப்பு, நிமிடத்துக்கு 20-க்கு மேல் மூச்சு, வெள்ளணுக்கள் 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ். கடுமையானது என்றால் உடனே மருத்துவமனையில் சேர வேண்டும். நம் டீக்கடைக்காரருக்குச் சிவப்பு 3 செ.மீ., நாடி 84, வெள்ளணுக்கள் 11,000. ஆகவே நடுத்தரம்.

இப்போதுதான் முக்கியமான சோதனை. நுனி மழுங்கிய, கிருமிநீக்கம் செய்த மெல்லிய எஃகுக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விடுகிறார் டாக்டர். மெத்தென்று சதையில் நின்றால் ஒரு மாதிரி. 'டக்'கென்று கெட்டியாக இடித்தால் அது எலும்பு. இவருக்கு இடித்தது. இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை 88 காட்டியது. 70-ஐத் தாண்டினாலே எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரே மட்டும் சுத்தமாக இருந்தது. அதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. எலும்பு அரிப்பது எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். சந்தேகம் தீரவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

எந்த மருந்து என்பதை மேலே ஒற்றியெடுத்த பஞ்சு சொல்லாது. அதில் தோலில் வசிக்கிற கிருமிகளெல்லாம் கலந்து வரும். புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு ஆழத்திலிருந்து சுரண்டி எடுத்த திசுவோ, எலும்புத் துணுக்கோதான் கல்ச்சர் பரிசோதனைக்குப் போக வேண்டும். லேசான புதுப் புண்ணில் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள்தான் இருக்கும். செஃபலெக்சின் போன்ற மாத்திரையே போதும். ஆழமான, நாள்பட்ட புண்ணில் பல கிருமிகள் சேர்ந்திருக்கும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சூடோமோனாஸும் கூடுதலாகத் தலைகாட்டும். அதனால் கடுமையான தொற்றுக்கு முதலில் பிப்பராசிலின்-டாசோபாக்டம் போல அகலமாக வேலை செய்கிற ஊசியில் தொடங்கி, கல்ச்சர் முடிவு வந்ததும் குறிபார்த்த மருந்துக்கு மாற்றுவார்கள். இவருக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் ஊசியில் ஆரம்பித்தார்கள். எலும்புத் துணுக்கில் வளர்ந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதற்கேற்ற மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள்.

எலும்பைத் தொடாத தொற்றுக்குப் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு வாரம் போதும். எலும்பை அகற்றாமல் மருந்தாலேயே குணப்படுத்துவதானால் ஆறு வாரம். காரணம் ரத்த ஓட்டம்தான். ஆன்டிபயாடிக் ரத்தத்தோடுதான் பயணம் செய்கிறது. தொற்று தாக்கிய எலும்பில் ஒரு பகுதி செத்துப்போய், ரத்தம் எட்டாத துண்டாகிவிடும். கிருமிகள் அதன் மேல் பிசினான ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு, எலும்பின் நுண்ணிய கால்வாய்களுக்குள்ளும் ஒளிந்து, பெருகாமல் சோம்பிக் கிடக்கும். பெருகும் கிருமியைக் கொல்வதற்கென்றே அமைந்த பல மருந்துகளுக்கு இவை சீக்கிரம் சிக்குவதில்லை.

செத்த எலும்பை அறுவை சிகிச்சையில் முழுவதும் எடுத்து, வெட்டிய விளிம்பும் சுத்தம் என்று தெரிந்தால் சில நாள் மருந்தே போதும். விளிம்பில் கிருமி மிச்சமிருந்தால் மூன்று வாரம் வரை. கால் ரத்தக்குழாயே அடைத்திருந்தாலோ, எந்த மருந்தானாலும் போய்ச் சேராது. அடைப்பை முதலில் கவனித்தாக வேண்டும்.

இவருக்கு இரண்டாவது வாரத்தில் சிவப்பு மறைந்தது, சீழ் நின்றது. மாத்திரையை நிறுத்தத் தோன்றும் இடம் இதுதான். மேல்தோல் தேறிவிட்டாலும் உள்ளே எலும்பில் வேலை பாக்கியிருக்கும். மூன்றாம் வாரம் எடுத்த எக்ஸ்ரேயில்தான் அந்த விரல் எலும்பின் விளிம்பு அரித்திருந்தது தெரிந்தது. ஆறு வாரம் முடிந்த பின்பும் ஆறு மாதம் தொற்று திரும்பாமல் இருந்தால்தான் குணம் என்று கணக்கு. வீட்டில் யாருக்காவது ஆறாத கால்புண் இருந்தால், அடுத்த முறை கட்டு மாற்றப் போகும்போது கேளுங்கள்: "எலும்பைத் தொட்டுப் பார்த்தீர்களா டாக்டர்?"